சர்க்கரை சேர்க்காத ஜூஸ், கொய்யா, இளநீர்: மாமியாருக்கு எதைக் கொடுப்பது?

பாபநாசம் மருமகள் | 26 ஏப்ரல் 2025, காலை 6.50

என் மாமியாருக்கு வயது 68. நெடுநாள் சர்க்கரை நோயாளி. மாத்திரை மட்டும், ஊசி கிடையாது. சென்னையிலிருக்கும் கொழுந்தனார் வரும்போதெல்லாம் ஒரு லிட்டர் ஆரஞ்சு ஜூஸ் டப்பாக்களை வாங்கி வந்து அடுக்கிவிட்டுப் போகிறார். முன்பக்கத்தில் ‘சர்க்கரை சேர்க்கப்படவில்லை’ என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. அத்தை காலையில் ஒரு டம்ளர், வெயில் தாழ்ந்தபின் ஒரு டம்ளர் குடிக்கிறார். கேட்டால் பழம்தானே என்கிறார். இளநீர் வாங்கித் தருகிறேன் என்றால், நாற்பது ரூபாய்க்கு ஒரு டம்ளர் தண்ணீரா என்று என்னையே திருப்பிக் கேட்கிறார்.

டப்பாவின் பின்பக்கத்தைப் பார்த்தேன். 100 மி.லி.க்கு மொத்தச் சர்க்கரை 11 கிராம், சேர்க்கப்பட்ட சர்க்கரை 0. இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கும்?

நீடாமங்கலம் வாத்தியார் | 26 ஏப்ரல், காலை 8.15

இரண்டும் உண்மைதான் அம்மா. பதினொரு கிராமும் பழத்தின் சொந்தச் சர்க்கரை. தொழிற்சாலையில் எதையும் கொட்டவில்லை. பழச் சர்க்கரை என்பது ஃப்ரக்டோஸ், அது இரத்தச் சர்க்கரையை ஏற்றாது. தாராளமாகக் குடிக்கட்டும். வகுப்பிலும் நான் இப்படித்தான் சொல்கிறேன்.

பிரிக்ஸ் தாத்தா | 26 ஏப்ரல், காலை 9.40

வாத்தியார் ஐயா, முதல் மூன்று வாக்கியங்களுக்கு முழு மதிப்பெண். அடுத்த இரண்டுக்குச் சுழியம்.

நான் சர்க்கரை ஆலை ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆரஞ்சுச் சாற்றில் இருக்கும் சர்க்கரையில் ஏறக்குறையப் பாதி சுக்ரோஸ், அதாவது எங்கள் ஆலையில் மூட்டையாகக் கட்டிய அதே பொருள். மீதிதான் குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும். சுக்ரோஸும் குடலுக்குள் போனதும் குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் உடைந்துவிடும். ஆக, ஆரஞ்சிலிருந்து வந்தாலும் கரும்பிலிருந்து வந்தாலும் ஏறக்குறையப் பாதி குளுக்கோஸாகவே இரத்தத்துக்குப் போகிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் பழச்சாற்றின் சர்க்கரையை டப்பாச் சர்க்கரையோடு ஒரே கணக்கில்தான் சேர்க்கிறது. முழுப் பழத்தில் இருப்பதை மட்டும் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

அம்மா, ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வீட்டு டம்ளர் எவ்வளவு பிடிக்கும் என்று அளந்து எழுதுங்கள். டப்பாவில் ‘ஒரு முறை பருகும் அளவு 200 மி.லி.’ என்றிருக்கும். தஞ்சாவூர் ஜில்லாவில் எந்த வீட்டுத் தண்ணீர் டம்ளரும் அந்த அளவோடு நின்று நான் பார்த்ததில்லை.

பாபநாசம் மருமகள் | 26 ஏப்ரல், பகல் 12.05

அளந்தேன். இருமல் மருந்தோடு வந்த மூடியால் ஊற்றி ஊற்றிக் கை வலித்துவிட்டது. அத்தையின் எவர்சில்வர் டம்ளர் 280 மி.லி. பிடிக்கிறது. நாளைக்கு இரண்டு என்றால் 560. பதினொன்றால் பெருக்கினால் 61 கிராமுக்கு மேல் வருகிறது. ஐந்து கிராம் கரண்டியில் பன்னிரண்டு கரண்டி! காபியில் அரைக் கரண்டி கூடப் போட விடமாட்டார் இந்த அத்தை.

பிரிக்ஸ் தாத்தா | 26 ஏப்ரல், பகல் 12.30

இப்போது அதைப் பழமாகத் திருப்புங்கள். நடுத்தர ஆரஞ்சு ஒன்றைப் பிழிந்தால் 80, 90 மி.லி. சாறு வரும். 560 மி.லி. என்றால் ஆறேழு பழம். அத்தையால் ஒரே நாளில் ஏழு ஆரஞ்சை உரித்துச் சாப்பிட முடியுமா? மூன்றாவது பழத்திலேயே போதும் என்று தட்டை நகர்த்திவிடுவார். ஜூஸுக்கும் பழத்துக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான். சர்க்கரை அதே சர்க்கரை. ஆனால் சக்கையும் மெல்லுகிற வேலையும் அளவுக்குக் கடிவாளம் போடுகின்றன. வயிற்றிலிருந்து இறங்குவதும் மெதுவாகிறது. வடிகட்டும்போது அந்தக் கடிவாளம்தான் தொழிற்சாலையிலேயே நின்றுவிடுகிறது.

திருவாரூர் பெட்டிக்கடை | 26 ஏப்ரல், மாலை 5.20

எந்த ஜூஸ் வாங்கி வைத்தால் லாபம் என்றுதானே கேட்கிறீர்கள்? பஸ் நிலையப் பக்கம் என்றால் சிறிய மாம்பழப் பாக்கெட்தான் ஓடும். ஒரு லிட்டர் டப்பாவை யாரும் தொடமாட்டார்கள். பழம் வாங்கி வைத்தால் மூன்றாம் நாள் குப்பையில் போட வேண்டும். டப்பா ஆறு மாதம் அப்படியே இருக்கும்.

பாபநாசம் மருமகள் | 26 ஏப்ரல், மாலை 5.45

அண்ணா, நான் கடை வைக்கவில்லை. மாமியாரை வைத்திருக்கிறேன். ஆனால் கேட்டதற்கு நன்றி. அந்த மாம்பழப் பாக்கெட்டின் பின்பக்கத்தில் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியுமா? என் பையன் அதைத்தான் குடிக்கிறான்.

திருவாரூர் பெட்டிக்கடை | 26 ஏப்ரல், இரவு 9.10

கடை சாத்தும் நேரத்தில் கண்ணாடியைத் தேடி எடுத்துப் படித்தேன். 160 மி.லி. பாக்கெட். முதலில் தண்ணீர், பிறகு மாம்பழக் கூழ் 15 சதவீதம், பிறகு சர்க்கரை. 100 மி.லி.க்கு மொத்தச் சர்க்கரை 13.5 கிராம். அதில் சேர்த்தது 11க்கு மேல். இத்தனை வருடம் விற்றும் இதை நான் படித்ததில்லை.

பிரிக்ஸ் தாத்தா | 27 ஏப்ரல், காலை 6.15

கடைக்காரரே, நீங்கள் பெரிய உதவி செய்திருக்கிறீர்கள். 160இல் 15 சதவீதம் என்றால் 24 கிராம் கூழ். இரண்டு மேசைக்கரண்டி கூட நிறையாது. அதற்குத் துணையாகச் சர்க்கரை 21 கிராமுக்கு மேல். குழந்தை குடிப்பது மாம்பழ வாசனை போட்ட சர்க்கரைத் தண்ணீர். சட்டப்படி அதில் தவறில்லை. பழப் பானம் என்ற பெயரில் விற்க, பொதுவாக 10 சதவீதம் பழம் இருந்தால் போதும். ‘பழச்சாறு’ என்பதும் ‘பழப் பானம்’ என்பதும் வேறு வேறு சரக்கு. எது எது என்று முன்பக்கப் படத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. பொருட்களின் பட்டியலில் முதலில் என்ன நிற்கிறது என்று பாருங்கள். எடையில் எது அதிகமோ அதுதான் முதலில் வரும்.

மருமகள் வீட்டு டப்பா அந்த ரகமில்லை. அது அடர்சாற்றில் மறுபடி தண்ணீர் கலந்து செய்தது. இப்படிச் செய்த சாற்றுக்கு ‘100 சதவீதப் பழச்சாறு’ என்று போடக்கூடாது, அட்டையிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று 2024 ஜூனில் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் உத்தரவிட்டது. அதனால் புதிய டப்பாக்களில் வேறு வாசகம் இருக்கும். உள்ளே இருக்கும் சர்க்கரை மட்டும் மாறவில்லை.

பேராவூரணித் தென்னை | 27 ஏப்ரல், காலை 10.30

இவ்வளவு கணக்கு எதற்கு? இளநீர் குடியுங்கள். நார்ச்சத்து நிறைய, சர்க்கரை கிடையாது. அதிலும் செவ்விளநீர் என்றால் சர்க்கரைக்காரர்களுக்கு மருந்து. கஜா புயலில் 2018இல் எங்கள் தோப்பு படுத்துவிட்டது. பிறகு வைத்த குட்டை இரகங்கள்தான் இப்போது காய்க்கின்றன. சொந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

பிரிக்ஸ் தாத்தா | 27 ஏப்ரல், பகல் 11.50

தம்பி, தோப்பு மறுபடி காய்த்தது பற்றி மகிழ்ச்சி. ஆனால் நார் மட்டையில் இருக்கிறது, தண்ணீரில் இல்லை. வழுக்கையைச் சுரண்டிச் சாப்பிட்டால் கொஞ்சம் கிடைக்கும். தண்ணீரில் பேருக்குத்தான் உண்டு. சர்க்கரை இல்லை என்பதையும் ஒப்புக்கொள்ள மாட்டேன். என்னிடம் ஆலைக் காலத்துக் கை ரிஃப்ராக்டோமீட்டர் இருக்கிறது. கரும்புக் கொல்லையில் சாற்றைச் சொட்டவிட்டு வெட்டலாமா வேண்டாமா என்று பார்ப்போமே, அதுதான். இன்று சாயங்காலம் எல்லாவற்றையும் அளந்து எழுதுகிறேன்.

பிரிக்ஸ் தாத்தா | 27 ஏப்ரல், இரவு 8.40

அளந்தாயிற்று. எண்களெல்லாம் பிரிக்ஸ் அளவு, அதாவது 100 கிராம் சாற்றில் கரைந்திருப்பது ஏறக்குறைய எத்தனை கிராம் என்பது. குளிர்ச்சியாக வைத்துப் பார்த்தால் அளவு தப்பும் என்பதால் எல்லாவற்றையும் அறை வெப்பத்துக்கு வரவிட்டேன். கண்ணாடியை ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் துடைத்துச் சுழியம் பார்த்துக்கொண்டேன்.

தெருமுனைக் கரும்புச் சாறு (ஐஸ் போடாமல் வாங்கினேன், கடைக்காரர் முறைத்தார்): 18. மாம்பழப் பாக்கெட்: 14. ஆரஞ்சு டப்பா: 11.5. பச்சை இளநீர்: 5.5. செவ்விளநீர்: 6.

செவ்விளநீர் அரைப் புள்ளி கூடத்தான் காட்டியது. ஒரே ஒரு காயை வைத்து இரகத்துக்கே தீர்ப்பு எழுத மாட்டேன். ஆனால் ‘சர்க்கரை கிடையாது’ என்ற பேச்சு இதோடு போகட்டும். இன்னொரு விஷயமும் உண்டு. இந்தக் கருவி கரைந்திருக்கும் எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டும். இளநீரில் உப்புகள் இருப்பதால் உண்மையான சர்க்கரை இன்னும் கொஞ்சம் குறைவு. 100 மி.லி.க்கு நாலரை, ஐந்து கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். 300 மி.லி. காய் என்றால் பதினைந்து கிராமுக்குள். ஜூஸில் பாதிக்கும் குறைவு, ஆனால் சுழியம் அல்ல.

பேராவூரணித் தென்னை | 28 ஏப்ரல், காலை 7.00

ஐயா, எந்த மாதத்துக் காயை அளந்தீர்கள்? அதைச் சொல்லாமல் எண்ணை மட்டும் போட்டால் எப்படி? ஆறேழு மாதக் காயில்தான் தண்ணீரும் நிறைவாக இருக்கும், இனிப்பும் உச்சத்தில் இருக்கும். அதற்கு முந்திய பிஞ்சில் துவர்ப்பு. முற்றிய தேங்காய்த் தண்ணீர் சப்பென்று போய்விடும். சாலையோரத்தில் ‘வழுக்கை இல்லாமல், வெறும் தண்ணீராக’ என்று கேட்டால் பிஞ்சாக வெட்டித் தருவார்கள். அதில் சர்க்கரை குறையும் என்று நினைக்கிறேன்.

பிரிக்ஸ் தாத்தா | 28 ஏப்ரல், காலை 7.25

சரியான கேள்வி. இரண்டிலும் மெல்லிய வழுக்கை இருந்தது, ஆக ஏழு மாதத்தை ஒட்டியது. பிஞ்சும் முற்றலும் அனுப்பினால் அளந்து சொல்கிறேன். கூலி வேண்டாம், வழுக்கை போதும்.

மன்னை மலர் | 28 ஏப்ரல், பகல் 2.10

எல்லோரும் ஜூஸை விரட்டுகிறீர்கள். நான் இன்சுலின் போடுகிறவள். என் கைப்பையில் எப்போதும் ஒரு சிறிய ஜூஸ் பாக்கெட் இருக்கும். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் பஸ் நின்றபோது ஒருமுறை கை நடுங்கி வியர்த்துவிட்டது, சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. 150 மி.லி. ஜூஸ் குடித்தேன். பதினைந்து நிமிடத்தில் நடுக்கம் அடங்கியது. அந்த நேரத்தில் கொய்யாவைக் கடித்துக்கொண்டிருக்க முடியாது. இளநீர் என்றால் ஒரு முழுக் காய் குடித்தால்தான் அதே சர்க்கரை கிடைக்கும். சீக்கிரம் ஏறுவதுதான் அப்போது எனக்கு வேண்டியது.

பாபநாசம் அக்காவுக்கு ஒன்று. உங்கள் அத்தையின் மாத்திரை அளவை மருத்துவர் முடிவு செய்தபோது அவர் தினமும் இந்த ஜூஸைக் குடித்துக்கொண்டிருந்தாரா? அப்படியென்றால் திடீரென்று நிறுத்தும்போது மாத்திரை அதிகமாகிவிடலாம். சில மாத்திரைகள் சர்க்கரையைக் கீழே தள்ளிவிடும். மருத்துவரிடம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள்.

பாபநாசம் மருமகள் | 28 ஏப்ரல், இரவு 9.30

மலர், இது எனக்குத் தோன்றவே இல்லை. நாளை கேட்கிறேன்.

கும்பகோணம் கணேசன் மகன் | 29 ஏப்ரல், காலை 6.40

என் அப்பாவுக்கு டயாலிசிஸ் நடக்கிறது. இளநீரைத் தொடவே கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். பொட்டாசியம். ஊரில் பார்க்க வருகிற ஒவ்வொருவரும் இரண்டு இளநீரோடு வருகிறார்கள். வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்கிறார்கள். சென்ற வாரம் ஒருவர் ‘இயற்கைதானே’ என்று என்னோடு அரை மணி நேரம் வாதாடினார். இளநீருக்குப் பதில் ஜூஸ் கொடுக்கலாமா?

பிரிக்ஸ் தாத்தா | 29 ஏப்ரல், காலை 7.10

வேண்டாம் தம்பி. ஆரஞ்சுச் சாற்றிலும் 100 மி.லி.க்குக் கிட்டத்தட்ட 200 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது. இளநீரில் 200இலிருந்து 250 வரை. பெரிய வித்தியாசமில்லை. அப்பாவுக்கு எவ்வளவு நீர், எந்தப் பழம் என்பதை டயாலிசிஸ் செய்கிற இடத்தில்தான் கேட்க வேண்டும். இந்த இழையிலிருந்து எதையும் எடுத்துக்கொள்ளாதீர்கள். சிறுநீரகம் பலவீனமானவர்களும், இரத்த அழுத்தத்துக்குச் சில வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களும் இளநீரைத் தினசரிப் பழக்கமாக்குமுன் கேட்டுக்கொள்வது நல்லது. மருமகளே, அத்தைக்குச் சிறுநீரகப் பரிசோதனை பார்த்து எத்தனை நாளாயிற்று?

பாபநாசம் மருமகள் | 30 ஏப்ரல், இரவு 8.15

மருத்துவரைப் பார்த்தோம். ஜூஸை நிறுத்தச் சொன்னார். மலர் சொன்னபடியே மாத்திரைப் பட்டியலைத் திரும்பப் பார்த்து, இரண்டு வாரம் வீட்டிலேயே சர்க்கரை அளந்து எழுதி வரச் சொன்னார். சிறுநீரகம் இப்போதைக்குச் சரியாக இருக்கிறது.

இப்போது வேறு சிக்கல். அத்தைக்குப் பல் செட். கொய்யா விதை உள்ளே போய்ச் சிக்கிக்கொள்கிறது. ஜூஸுக்கு அவர் மாறியதே அதனால்தான் என்று இப்போதுதான் வாயைத் திறக்கிறார். இத்தனை நாளும் ‘எனக்குப் பழம் பிடிக்காது’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

நீடாமங்கலம் வாத்தியார் | 1 மே, காலை 7.30

வடிகட்டாமல் மிக்சியில் அடித்துக் கொடுங்கள். சக்கையும் உள்ளேயே இருக்கும். இந்த முறை தாத்தா எனக்கு எத்தனை மதிப்பெண் போடுகிறார் என்று பார்க்கிறேன்.

பிரிக்ஸ் தாத்தா | 1 மே, காலை 8.00

ஐம்பது. நார் உள்ளேதான் இருக்கும், வடிகட்டியதைவிட நிச்சயம் மேல். ஆனால் மெல்லுகிற வேலை போய்விட்டது. மூன்று பழத்தை ஒரே மூச்சில் குடித்துவிடலாம். ஒரு பழத்தை மட்டும் அடித்துக் கரண்டியால் சாப்பிடச் சொன்னால் எண்பது போடுவேன்.

மன்னை மலர் | 1 மே, காலை 8.20

பப்பாளி இருக்கும்போது மிக்சி எதற்கு? பல்லே இல்லாதவரும் சாப்பிடலாம். ஒரு கீற்று, 150 கிராம் என்றால் சர்க்கரை 12 கிராம் போல வரும். நார் கொய்யா அளவு இல்லை, இரண்டு கிராமுக்கு மேல் கிடைக்கும். கொல்லையில் ஒரு மரம் இல்லாத வீடு உங்கள் பக்கத்தில் உண்டா என்ன?

பாபநாசம் மருமகள் | 4 மே, மாலை 6.50

இன்று அக்கினி நட்சத்திரம் தொடங்கிவிட்டது. வீட்டில் யாருக்கும் வெந்நீர் கூட வைக்கத் தோன்றவில்லை.

அத்தை விலையைத்தான் பிடித்துக்கொண்டு நின்றார், அதனால் விலையாகவே கணக்குப் போட்டுக் காட்டினேன். டப்பா 130 ரூபாய், அவருடைய டம்ளரில் மூன்றரை டம்ளர். ஒரு டம்ளருக்கு 37 ரூபாய் ஆகிறது. சர்க்கரை 31 கிராம், நார் என்று ஒரு வரி கூட அட்டவணையில் இல்லை. இளநீர் 40 ரூபாய், சர்க்கரை அதில் பாதி, அதிலும் நார் கிடையாது. சந்தையில் கொய்யா கிலோ 60. ஒரு பெரிய காய் 150 கிராம் என்றால் ஒன்பது ரூபாய். சர்க்கரை 13 கிராம், நார் ஏழெட்டு கிராம். பப்பாளி கொல்லையில் இருக்கிறது, விலையே இல்லை. அத்தை நீளமாக யோசித்துவிட்டு, ‘அப்படியானால் இளநீரும் நஷ்டம்தான்’ என்றார். விலையையும் நாரையும் மட்டும் பார்த்தால் அவர் சொல்வது சரிதான்.

பேராவூரணித் தென்னை | 4 மே, இரவு 7.30

உச்சி வெயிலில் நடவு முடித்துக் கரையேறியவரிடம் கொய்யாவில் நார் இருக்கிறது என்று சொல்லிப் பாருங்கள். வியர்த்தவனுக்கு வேண்டியது வேறு. நிழலில் உட்கார்ந்திருக்கும் அத்தைக்கு வேண்டியது வேறு. எங்கள் தோப்பில் வெட்டுக்கூலி, வண்டி எல்லாம் போக எங்கள் கைக்கு வருவது நீங்கள் கொடுக்கும் நாற்பதில் பாதி கூட இல்லை. நஷ்டம் யாருக்கு என்று அதையும் கணக்கில் சேருங்கள்.

பாபநாசம் மருமகள் | 11 மே, காலை 9.00

ஒரு வாரக் குறிப்பு. முன்பு ஜூஸோடு காலை உணவு சாப்பிட்ட ஒரு நாள், இரண்டு மணி நேரம் கழித்து 246 காட்டியது. இந்த வாரம் பப்பாளியோடு பார்த்தபோது 180க்கும் 195க்கும் இடையில். இட்லி எண்ணிக்கை அதே மூன்று.

பிரிக்ஸ் தாத்தா | 11 மே, காலை 9.20

நல்ல செய்தி. ஆனால் ஜூஸ் நாளுக்கு ஒரே ஓர் அளவுதான் கையில் இருக்கிறது. மாத்திரையும் இடையில் மாறியதா என்று நீங்கள் எழுதவில்லை. எல்லாப் புகழையும் பப்பாளிக்கே கொடுத்துவிட வேண்டாம்.

பாபநாசம் மருமகள் | 11 மே, காலை 9.35

மாத்திரை மாறவில்லை. ஆனால் அந்த 246 நாளில் தேங்காய்ச் சட்னிக்குப் பதில் உருளைக்கிழங்கு மசாலா வைத்திருந்தேன், அது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. கொழுந்தனாரிடம் டப்பா வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அடுத்த முறை ‘நார் சேர்த்த’ ஜூஸ் வந்திருக்கிறதாம், அதை வாங்கி வருகிறாராம்.

திருவாரூர் பெட்டிக்கடை | 11 மே, பகல் 1.15

அது என் கடைக்கும் வந்திருக்கிறது. படித்துவிட்டேன். 100 மி.லி.க்கு நார் ஒரு கிராம், சர்க்கரை 10.5.

பேராவூரணித் தென்னை | 13 மே, காலை 6.30

தாத்தா, பிஞ்சு இரண்டும் முற்றல் இரண்டும் பட்டுக்கோட்டை பஸ்ஸில் நடத்துநரிடம் கொடுத்துவிட்டேன். காம்பில் நூல் கட்டியிருப்பது ஐந்தரை மாதம். பஸ் பத்து மணிக்குத் தஞ்சாவூர் வரும். வெயிலில் வைக்காமல் உடனே அளந்துவிடுங்கள்.

பிரிக்ஸ் தாத்தா | 13 மே, பகல் 12.45

வந்து சேர்ந்தது, அளந்தும் விட்டேன். நூல் கட்டிய பிஞ்சு ஒன்று 4.5, மற்றது 5. முற்றல் இரண்டும் 5. உங்கள் துவர்ப்புப் பேச்சு நாக்குக்குச் சரி, கருவியில் ஒரு புள்ளிதான் இறங்குகிறது. முற்றலில் கரைந்திருப்பதில் உப்பு எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு என்று இந்தக் கருவியால் பிரிக்க முடியாது. அதற்கு ஆய்வகம் வேண்டும். வேறு யாரிடமாவது வசதி இருந்தால் எழுதுங்கள்.